ஓஃப்சைட் விதியைக் கேள்வியாக எழுதிப் படிப்பது எப்படி?

முதலில் ஒரு கேள்வி. எதிரணியின் கோல் கோட்டிலிருந்து 30 மீற்றர் தூரத்தில் 7ஆம் இலக்க வீரர் பந்தை முன்னால் தட்டிவிடுகிறார். அந்தக் கணத்தில் அவருடைய அணியின் 9ஆம் இலக்கம் கோல் கோட்டிலிருந்து 15 மீற்றரில் நிற்கிறார். எதிரணியின் 4ஆம் இலக்கம் 10 மீற்றரில் நிற்கிறார். எதிரணியின் கோல்கீப்பர் பந்தை மறிக்க ஓடிவந்து 25 மீற்றரில் நிற்கிறார். எதிரணியின் மற்ற எல்லோரும் 28 மீற்றருக்கு அப்பால். 9 அந்தப் பந்தை எடுத்துக் கோல் அடிக்கிறார். கோல் செல்லுமா?

திருகோணமலை ஏகாம்பரம் மைதானத்தின் ஓரத்தில் நின்று ஆட்டம் பார்ப்பவர்களிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். "முன்னுக்கு ஒரு பெக் நிக்கிறாரே, பிறகென்ன, கோல்தான்" என்று யாராவது சொல்லாமல் விடமாட்டார். பதில் அதுவல்ல. அது ஓஃப்சைட். கடைசியாக நிற்கும் எதிரணி வீரர் 4, கடைசியிலிருந்து இரண்டாவதாக நிற்பவர் கோல்கீப்பர். 9 அந்தக் கோல்கீப்பரைவிடவும் பந்தைவிடவும் கோல் கோட்டுக்குக் கிட்ட நிற்கிறார்.

இதில் தவறுபவர்கள் விதியைப் படிக்காதவர்கள் அல்லர். உதைபந்தாட்ட விதிக் கைநூலின் 17 விதிகளில் 11ஆவதான ஓஃப்சைட் விதி சில பக்கங்களுக்குள் அடங்கிவிடும், அதைப் பலமுறை படித்தவர்களும் இங்கே சறுக்குகிறார்கள். "கடைசியிலிருந்து இரண்டாவது எதிரணி வீரர்" என்று கைநூல் சொல்வதை, வாசிக்கும்போதே மனம் "கடைசித் தடுப்பு வீரர்" என்று மாற்றி எடுத்துக்கொள்கிறது. வழக்கமான ஆட்டத்தில் கோல்கீப்பர் பின்னால் நிற்பதால் இரண்டும் ஒன்றாகவே வரும். ஆகவே அந்த மாற்றம் நடந்தது வாசிப்பவருக்குத் தெரிவதேயில்லை. கோல்கீப்பரை முன்னால் கொண்டுவந்து ஒரு கேள்வி எழுதினால்தான் தெரியும்.

மத்தியஸ்தர் தேர்வுக்குப் படிப்பவர்கள் கைநூலிலிருந்து தாங்களே கேள்வி எழுதிப் பார்க்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். பழைய வினாத்தாள் செய்வது வேறு வேலை. அங்கே எந்தச் சொல்லில் முடிவு திரும்புகிறது என்று வேறொருவர் கண்டுபிடித்து வைத்திருக்கிறார். இங்கே அதை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும்.

அந்தத் திரும்பும் இடத்தைக் கீல் என்று வைத்துக்கொள்வோம். கதவு கீலில் திரும்புவதுபோல முடிவு அந்தச் சொல்லில் திரும்புகிறது.

ஒரு மாலைக்கு ஒரு பத்தி போதும். ஓஃப்சைட் நிலையைச் சொல்லும் பத்தியையே எடுங்கள். அதன் பொருள் தமிழில் இப்படி வரும்: வீரரின் தலை, உடல், கால் இவற்றில் எந்தப் பகுதியாவது நடுக்கோட்டைச் சேர்க்காமல் எதிரணியின் பாதிக்குள் இருக்க வேண்டும். அத்தோடு, அவற்றில் எந்தப் பகுதியாவது பந்து, கடைசியிலிருந்து இரண்டாவது எதிரணி வீரர் ஆகிய இரண்டையும்விட எதிரணியின் கோல் கோட்டுக்குக் கிட்ட இருக்க வேண்டும். கை கணக்கில் இல்லை, அக்குளின் அடிப்பகுதி வரைதான் கை. கடைசியிலிருந்து இரண்டாவது வீரரோடு ஒரே மட்டத்தில் நின்றால் ஓஃப்சைட் நிலை இல்லை.

இனிப் பென்சிலால் கீல்களுக்கு அடிக்கோடு இடுங்கள். "எந்தப் பகுதியாவது" ஒன்று. "நடுக்கோட்டைச் சேர்க்காமல்" இன்னொன்று. "இரண்டையும்விட" என்பதில் உள்ள உம்மை மிக முக்கியமானது. "எதிரணி வீரர்" என்ற சொல்லும் கீல்தான், ஏனென்றால் அங்கே தடுப்பு வீரர் என்று எழுதியிருக்கவில்லை. "ஒரே மட்டம்" கடைசி. ஐந்து கீல்கள், ஆகவே குறைந்தது ஐந்து கேள்விகள்.

அடுத்து ஒரு அடிக்காட்சி வேண்டும். எந்தக் குழப்பமும் இல்லாமல் பதில் தெரிகிற, தூரங்கள் எல்லாம் எழுதப்பட்ட ஒரு காட்சி. உதாரணமாக: 7 பந்தைத் தட்டும் கணத்தில் பந்து 30 மீற்றரில், 9 நிற்பது 15 மீற்றரில், எதிரணியின் 4 நிற்பது 18 மீற்றரில், கோல்கீப்பர் 2 மீற்றரில், மற்ற எதிரணி வீரர்கள் 28 மீற்றருக்கு அப்பால். 9 பந்தை வாங்கிக் கோல் அடிக்கிறார். இது ஓஃப்சைட், சந்தேகமே இல்லை.

இனி ஒரு விவரத்தை மட்டும் மாற்றுங்கள். 4ஐ 18இலிருந்து 15க்குக் கொண்டுவாருங்கள். 9 அவரோடு ஒரே மட்டம், கோல் செல்லும். மறுபடி அடிக்காட்சிக்குத் திரும்பி, பந்தை மட்டும் 30இலிருந்து 12க்கு நகர்த்துங்கள். 7 ஓரத்தால் ஓடிவந்து, பந்தைப் பின்பக்கமாக 9க்கு இழுத்துவிடுகிறார் என்று பொருள். 9க்கு முன்னால் இருப்பது கோல்கீப்பர் ஒருவர்தான். ஆனாலும் 9 பந்தைவிடக் கிட்ட இல்லை, ஆகவே கோல் செல்லும். அந்த உம்மையின் வேலை இது. மறுபடி அடிக்காட்சிக்கு வந்து, இம்முறை 4ஐ 10க்குக் கொண்டுவாருங்கள், கோல் செல்லும். அந்தக் காட்சியில் கோல்கீப்பரை மட்டும் 2இலிருந்து 25க்கு நகர்த்தினால் நாம் தொடங்கிய கேள்வி கிடைக்கும், முடிவு ஓஃப்சைட்டாகத் திரும்பும்.

ஒவ்வொரு முறையும் அடிக்காட்சிக்குத் திரும்பி வருவதைக் கவனியுங்கள். புதிதாக எழுதுபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் வழுக்குகிறார்கள். பந்தையும் நகர்த்தி, தடுப்பு வீரரையும் நகர்த்தி ஒரு கேள்வி எழுதுவார்கள். பதில் சரியாக வந்தாலும் எந்த மாற்றத்தால் முடிவு திரும்பியது என்று தெரியாது. ஒரு சோடிக் கேள்வியில் ஒரே ஒரு விவரம்தான் வேறுபட வேண்டும். இரண்டு கேள்விக்கும் ஒரே முடிவு வந்தால் நீங்கள் தொட்டது கீல் அல்ல, வெறும் அலங்காரம். அதுவும் தெரிந்துகொள்ள வேண்டிய விடயமே. 9 பந்து வரும்போது நின்றுகொண்டிருந்தாரா ஓடிக்கொண்டிருந்தாரா என்பதை மாற்றிப் பாருங்கள், நிலையைத் தீர்மானிப்பதில் எந்த வித்தியாசமும் வராது.

மனக்கணக்கில் தூரங்கள் குழம்பினால் மாலையில் டைக் வீதிக் கடற்கரைக்குப் போய்விடலாம். ஈர மணலில் காலால் ஒரு கோடு இழுங்கள், அதுதான் கோல் கோடு. ஒரு எட்டு 5 மீற்றர் என்று கணக்கு வையுங்கள். செருப்புகள் எதிரணி, சிப்பிகள் உங்கள் அணி, சின்னத் தேங்காய்க் குரும்பை பந்து. கோல்கீப்பருக்கு மட்டும் ஒற்றைச் செருப்பைக் கவிழ்த்து வையுங்கள். குரும்பையின் வழியாகக் கோல் கோட்டுக்குச் சமாந்தரமாக ஒரு கோடு, கோட்டிலிருந்து எண்ணி வரும் இரண்டாவது செருப்பின் வழியாக இன்னொரு கோடு. இந்த இரண்டு கோடுகளில் எது கோல் கோட்டுக்குக் கிட்ட இருக்கிறதோ, சிப்பி அதையும் தாண்டி நின்றால்தான் ஓஃப்சைட் நிலை. இதைக் கையால் இரண்டு மூன்று முறை செய்தவருக்கு அந்த வாக்கியம் பிறகு மறக்காது.

பதில் எழுதுவதற்கும் ஒரு ஒழுங்கு உண்டு. "ஓஃப்சைட்" என்று ஒற்றைச் சொல்லில் எழுதி நிறுத்தினால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். மைதானத்தில் விசில் ஊதிய பிறகு மத்தியஸ்தர் ஆட்டத்தை மறுபடி தொடக்கியாக வேண்டும். ஆகவே ஒவ்வொரு பதிலிலும் நான்கு துண்டுகள் வேண்டும்: முடிவு என்ன, ஆட்டம் எதனால் மறுபடி தொடங்கும், எந்த இடத்திலிருந்து, கைநூலின் எந்தச் சொற்கள் அதற்கு ஆதாரம். கொப்பியின் இடப்பக்கத்தில் கேள்வியையும் வலப்பக்கத்தில் இந்த நான்கையும் எழுதுங்கள்.

மூன்றாவது துண்டான "எந்த இடத்திலிருந்து" என்பதுதான் பலரை மாட்டிவிடும். இந்தக் காட்சியைப் பாருங்கள். எதிரணி முழுவதும், கோல்கீப்பரைத் தவிர, முன்னால் ஏறி வந்து 9உடைய அணியின் பாதிக்குள் நிற்கிறது. 7 தன் பாதிக்குள் நடுக்கோட்டிலிருந்து 10 மீற்றர் பின்னால் நின்று பந்தைத் தட்டுகிறார். அந்தக் கணத்தில் 9 எதிரணியின் பாதிக்குள் 5 மீற்றர் தூரத்தில் நிற்கிறார். பந்து கட்டையாக வருகிறது. 9 திரும்பி ஓடிவந்து, தன் பாதிக்குள் 3 மீற்றர் வந்த பிறகு பந்தைத் தொடுகிறார். முடிவு ஓஃப்சைட், ஏனென்றால் நிலையைப் பார்ப்பது 7 பந்தைத் தட்டிய கணத்தில். எதிரணிக்கு இன்டிரெக்ட் ஃப்ரீ கிக். எங்கிருந்து? 9 பந்தைத் தொட்ட இடத்திலிருந்து, அதாவது 9உடைய சொந்தப் பாதிக்குள்ளிருந்து. நிலை ஒரு கணத்துக்கும் இடத்துக்கும் உரியது, குற்றம் வேறொரு கணத்துக்கும் இடத்துக்கும் உரியது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுத்தருவதில் இந்த ஒரு கேள்விக்கு நிகர் இல்லை.

இதுவரை நிலை. விதியின் இரண்டாவது வாசல் இனித்தான் வருகிறது. ஓஃப்சைட் நிலையில் நிற்பது குற்றமே அல்ல என்று கைநூல் வெளிப்படையாகச் சொல்கிறது. அங்கே நின்றவர் ஆட்டத்தில் தலையிட்டால்தான் குற்றம். சக வீரர் அனுப்பிய பந்தைத் தொடுவது ஒரு வழி. எதிரணி வீரருக்கு இடைஞ்சல் செய்வது இன்னொரு வழி. கம்பத்தில் பட்டோ, எதிரணி வீரர் மீது பட்டுத் தெறித்தோ, எதிரணி வீரர் கோலைக் காப்பாற்றித் தடுத்தோ வந்த பந்தை எடுத்து ஆதாயம் பெறுவது மூன்றாவது.

இந்தப் பகுதியில் கேள்வி எழுதுவது கடினம். காரணம் இதுதான்: இங்கே தூரம் அளந்து முடிவு சொல்ல முடியாது, பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். "எதிரணி வீரரின் பார்வைக் கோட்டைத் தெளிவாக மறைத்து அவர் பந்தை ஆடமுடியாமல் செய்வது" என்று விதி சொல்கிறது. தொடக்கநிலையில் இருப்பவர் எழுதும் கேள்வி இப்படி இருக்கும்: "9 ஓஃப்சைட் நிலையில் நின்று கோல்கீப்பரின் பார்வையைத் தெளிவாக மறைக்கிறார். பந்து கோலுக்குள் போகிறது. முடிவு என்ன?" இது கேள்வியே அல்ல. பதில் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. மைதானத்தில் யாரும் மத்தியஸ்தரிடம் வந்து "தெளிவாக மறைக்கிறார்" என்று சொல்லித் தரமாட்டார்கள்.

சரியான கேள்வி கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்லும். 7 கோலுக்கு நேராக 20 மீற்றரிலிருந்து அடிக்கிறார். கோல்கீப்பர் கோட்டிலிருந்து 1 மீற்றர் முன்னால் நிற்கிறார். 9 அவருக்கு 2 மீற்றர் முன்னால், பந்துக்கும் அவருக்கும் இடையில் நேராக நிற்கிறார். 4 நிற்பது 8 மீற்றரில், மற்றவர்கள் அதற்கும் அப்பால். கோல்கீப்பர் இடப்பக்கம் தலையைச் சாய்த்துப் பார்க்கிறார். பந்து 9ஐக் கடந்த பிறகுதான் பாய்கிறார். 9 பந்தைத் தொடவில்லை. பந்து கோலுக்குள்.

இப்போது விதியின் சொல்லைப் பதில்காரர் கொண்டுவர வேண்டும்: இது பார்வைக் கோட்டைத் தெளிவாக மறைத்தல், ஆகவே ஓஃப்சைட், கோல் இல்லை. இன்டிரெக்ட் ஃப்ரீ கிக். எங்கிருந்து என்று பார்க்கப் போனால், 9 நின்ற இடம் கோல் பகுதிக்குள் வருகிறது. தடுக்கும் அணிக்குத் தன் கோல் பகுதிக்குள் கிடைக்கும் ஃப்ரீ கிக்கை அந்தப் பகுதிக்குள் எங்கு வைத்தும் எடுக்கலாம் என்று விதி 13 சொல்கிறது. இப்படி ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்குக் கேள்வி இழுத்துப் போனால் மறிக்காதீர்கள், போய்ப் பாருங்கள்.

இதன் சோடி: எல்லாம் அப்படியே இருக்க, 9ஐ மட்டும் ஒரு கம்பத்துப் பக்கமாக 3 மீற்றர் தள்ளி நிறுத்துங்கள். கோல்கீப்பர் பந்தை முழுவதும் பார்க்கிறார், உடனே பாய்கிறார், எட்டவில்லை. 9 அசையவில்லை. இப்போது கோல் செல்லும், 9 இன்னும் ஓஃப்சைட் நிலையில் நின்றாலும்கூட.

ஆகவே எழுதிய கேள்வியை மறுபடி வாசித்து, விதியிலிருந்து வந்த தீர்ப்புச் சொற்களைத் தேடுங்கள். தெளிவாக, வேண்டுமென்றே, இடைஞ்சலாக, ஆதாயமாக போன்ற சொற்கள் கேள்விக்குள் இருந்தால் அடித்துவிட்டு, அந்தச் சொல்லைச் சொல்லவைக்கும் காட்சியை எழுதுங்கள். எழுத முடியவில்லையென்றால் அந்தச் சொல்லின் பொருள் உங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை. தன் அறியாமையைத் தானே கண்டுபிடிக்க இதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

"வேண்டுமென்றே" என்ற சொல்லில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் தமிழில் படிப்பவர்களை அது தனியாகத் தடுக்கிவிழ வைக்கிறது. எதிரணி வீரர் பந்தை டெலிபரெட்டாக ஆடி, அது ஓஃப்சைட் நிலையில் நிற்பவரிடம் போனால் குற்றமில்லை என்கிறது விதி. இதை "வேண்டுமென்றே" என்று பெயர்த்தால், தமிழில் அது "தெரிந்தே, ஒரு நோக்கத்தோடு" என்று ஒலிக்கும். உடனே "தன் எதிரிக்கு யாராவது வேண்டுமென்றே பந்தைக் கொடுப்பார்களா?" என்று தோன்றும். கைநூல் கேட்பது அந்த நோக்கத்தை அல்ல. அந்த வீரரிடம் பந்து கட்டுப்பாட்டில் இருந்ததா, பந்தைத் தன் அணிக்குத் தட்டவோ எடுத்துக்கொள்ளவோ அடித்து விலக்கவோ அவருக்கு வாய்ப்பு இருந்ததா என்பதையே கேட்கிறது. அவர் அதைப் பிழையாகச் செய்திருந்தாலும் அது ஆடியதாகவே எடுக்கப்படும். 2022இல் விதி வகுப்பவர்கள் இதற்கு விளக்கமும் தந்தார்கள்: பந்து தூரத்திலிருந்து வந்ததா, அவர் அதைத் தெளிவாகப் பார்த்தாரா, வேகம் குறைவா, திசை எதிர்பார்த்ததா, உடலைத் தயார்ப்படுத்த நேரம் இருந்ததா என்று பார்க்கச் சொன்னார்கள். ஆகவே கொப்பியில் "கட்டுப்பாட்டோடு ஆடுதல்" என்று எழுதிக்கொள்வது நல்லது.

இதற்கு மூன்று கேள்விகள் எழுதலாம், மூன்றிலும் 9 ஓஃப்சைட் நிலையில், ஆனால் 4இலிருந்து 8 மீற்றர் தள்ளி நிற்கிறார். முதலாவதில் 7 தூரத்திலிருந்து பந்தை உயரமாக, மெதுவாக அனுப்புகிறார். 9 ஓஃப்சைட் நிலையில், ஆனால் 4இலிருந்து 8 மீற்றர் தள்ளி நிற்கிறார். 4 பந்து வருவதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார், நேரம் இருக்கிறது, அடித்து விலக்கப் பார்க்கிறார். பந்து காலின் ஓரத்தில் பட்டுப் பின்னால் 9இடம் போகிறது, 9 கோல் அடிக்கிறார். கோல் செல்லும். இரண்டாவதில் 7 நிற்பது 4இலிருந்து 5 மீற்றரில். பலமாக அடித்த பந்து 4இன் கெண்டைக்காலில் பட்டுத் திரும்பி 9இடம் போகிறது. 4 எதையும் ஆடவில்லை, பந்து அவரில் பட்டது, அவ்வளவுதான். ஓஃப்சைட். மூன்றாவதில் 7 அடித்த பந்து கோலுக்குள் போகப் பார்க்கிறது. 4 கோட்டின் மேல் நின்று காலை நீட்டித் தடுக்கிறார், பந்து 9இடம் வருகிறது. 4 தெரிந்துதான் செய்தார், காலால் நன்றாகத்தான் தடுத்தார். ஆனாலும் ஓஃப்சைட், ஏனென்றால் கோலுக்குள் போகிற பந்தைத் தடுப்பது 'சேவ்' என்று விதி தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. சேவ் செய்வது கோல்கீப்பருக்கு மட்டும் உரியது என்று நினைத்துக்கொண்டிருப்பவருக்கு இந்த மூன்றாவது கேள்வி நல்ல பாடம்.

மூன்றிலும் 9ஐ 4இலிருந்து தள்ளி நிறுத்தியிருப்பதற்குக் காரணம் உண்டு. கிட்ட நிறுத்தினால் "9 அவருக்கு இடைஞ்சல் செய்தாரா?" என்ற இன்னொரு கேள்வி உள்ளே நுழைந்துவிடும். பதிலில் நீங்கள் சோதிக்க நினைக்காத ஒன்று கலந்துவிடும்.

விதிவிலக்குப் பத்தி சிறியது. கோல் கிக், த்ரோ இன், கோர்னர் கிக் மூன்றிலும் பந்தை நேரடியாகப் பெற்றால் ஓஃப்சைட் குற்றம் இல்லை. இதிலிருந்து இரண்டு கேள்விகள் போதும். ஒன்று, ஃப்ரீ கிக்கிலிருந்து நேரடியாக 9 பெறுகிறார்: பட்டியலில் ஃப்ரீ கிக் இல்லை, ஆகவே ஓஃப்சைட் உண்டு. மற்றது "நேரடியாக" என்ற கீல்: 7 த்ரோ எறிகிறார், 8 அதைத் தலையால் பின்னால் தட்டிவிடுகிறார், 9 எடுக்கிறார். விலக்கு 8 தொட்டவுடன் முடிந்துவிட்டது. 8 தலையால் தட்டிய கணத்தில் 9 எங்கே நின்றார் என்று புதிதாகப் பார்க்க வேண்டும்.

ஒரு மாலையில் ஒரு பத்தி, ஆறு தொடக்கம் எட்டுக் கேள்வி. அதற்கு மேல் போனால் கடைசியாக எழுதுபவை முதலில் எழுதியவற்றின் நகலாக மாறத் தொடங்கும். எழுதிய அன்றே பதிலைச் சோதிப்பதில் பயன் குறைவு, எழுதிய கை இன்னும் பதிலை நினைவில் வைத்திருக்கும். மூன்று நாள் கழித்து வலப்பக்கத்தை மூடிவிட்டு, கேள்விகளை வரிசை மாற்றிச் செய்யுங்கள். தவறியதை மட்டும் ஒரு வாரம் கழித்து மறுபடி. அப்போதும் தவறினால் அதே கீலுக்கு வேறு தூரங்களோடு புதிய கேள்வி எழுதுங்கள். பழைய கேள்வியையே திரும்பத் திரும்பச் செய்தால் விதிக்குப் பதிலாக அந்தக் கேள்விதான் மனப்பாடமாகும்.

தேர்வுக்குப் படிக்கும் இன்னொருவரிடம் கொப்பியைக் கொடுப்பது இன்னும் நல்லது. அவர் பதில் சொல்வதற்கு முன் "அந்த நேரம் பந்து எங்க நிண்டது?" என்று கேட்டால் உங்கள் கேள்வியில் ஒரு விவரம் விடுபட்டிருக்கிறது. உங்கள் மனதில் இருந்த படம் தாளுக்கு வரவில்லை. அதைச் சேர்த்து எழுதுங்கள். அவர் சொல்லும் பதில் உங்களதிலிருந்து வேறாக இருந்தால் வாதாட வேண்டாம், நான்காவது துண்டுக்குப் போங்கள். உங்கள் பதிலுக்கு ஆதாரமான சொற்களைக் கைநூலில் விரல் வைத்துக் காட்ட முடிகிறதா? முடியவில்லையென்றால் அந்தப் பதில் தொலைக்காட்சி வர்ணனையிலிருந்தோ பழைய ஆட்டம் ஒன்றின் நினைவிலிருந்தோ வந்திருக்கலாம். "மட்டமாக நின்றாலும் ஓஃப்சைட்" என்று இன்னும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது 1990க்கு முந்திய விதி. அன்று படித்தவர்களுக்கு அது சரியாகத்தான் இருந்தது.

விதிகள் ஆண்டுதோறும் திருத்தப்படுகின்றன, புதிய பதிப்பு ஜூலை 1 தொடக்கம் நடைமுறைக்கு வருகிறது. அதனால் கொப்பியின் ஒவ்வொரு பக்கத்தின் மேலும் எந்தப் பதிப்பிலிருந்து எழுதினீர்கள் என்று குறித்து வையுங்கள். புதிய பதிப்பு கைக்கு வந்ததும் மாறிய பத்திகளைப் பார்த்து, அந்தக் கேள்விகளின் பதிலை மட்டும் திருத்தினால் போதும். கேள்விகள் பெரும்பாலும் அப்படியே உழைக்கும்.

இந்த முறையால் கண் பழகாது என்பதையும் சொல்ல வேண்டும். 7 தட்டிய கணத்தையும் 9 நின்ற இடத்தையும் ஒரே நேரத்தில் பிடிப்பது கோட்டருகே கொடியோடு ஓடிப் பழகித்தான் வரும். கொப்பி தருவது, கண் பிடித்ததை வைத்து என்ன முடிவு சொல்வது என்பதை மட்டும்.

ஓஃப்சைட் கைவந்த பிறகு மற்ற விதிகளுக்குப் போகும்போது, கேள்விகளை நம் ஊர் மைதானத்திலிருந்தே எடுக்கலாம். திருகோணமலையில் புள்ளிமான்கள் நகரத் தெருக்களிலேயே திரிகின்றன. ஆட்டம் நடக்கும்போது ஒன்று மைதானத்துக்குள் நுழைகிறது என்று வையுங்கள். விதி 5 இப்படியான விலங்கைப் பற்றிச் சொல்கிறது. அதன் கீல் "ஆட்டத்தில் குறுக்கிட்டால்" என்பது. மான் பந்திலிருந்து 40 மீற்றர் தள்ளி ஓரமாக நடந்து போகிறது: ஆட்டம் தொடரும். பந்து வெறுமையான கோலை நோக்கி உருள்கிறது, தடுப்பவர்கள் எல்லோரும் 20 மீற்றர் பின்னால், பந்து மானின் காலை உரசிக்கொண்டு கோலுக்குள் போகிறது: கோல் செல்லும், ஏனென்றால் பந்தை ஆடக்கூடிய எவரையும் மான் தடுக்கவில்லை. அதே காட்சியில் கோல்கீப்பரை மட்டும் பந்துக்குக் கிட்ட நிறுத்துங்கள், அவர் பெனால்டிப் பகுதிக்குள் பந்தை எட்டப்போகும்போது மான் அவருக்குக் குறுக்கே பாய்கிறது, அவர் தடுமாறுகிறார், பந்து உள்ளே போகிறது: கோல் இல்லை. ஆட்டத்தை நிறுத்தி ட்ரொப் போலால் தொடங்க வேண்டும். பந்து பெனால்டிப் பகுதிக்குள் இருந்ததால் அது அந்தக் கோல்கீப்பருக்கே விடப்படும். அந்தக் கடைசித் துண்டுக்கு ஆதாரம் விதி 5இல் இல்லை, விதி 8இல் இருக்கிறது. ஆகவே அடுத்த மாலைக்கான பத்தி அதுதான்.